‘விளக்குக’ என்றால் எதை விளக்குவது?

தேர்வுக்காலம் நெருங்கினால் ஓர் அட்டவணை கைபேசிகளில் வலம்வரத் தொடங்கிவிடுகிறது. இடப்பக்கத்தில் ‘விவரி’, ‘விளக்குக’, ‘ஆராய்க’, ‘விவாதி’, ‘மதிப்பிடுக’ என்று வினாத்தாளின் ஏவற்சொற்கள் வரிசையாக நிற்கும். வலப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பொருள் இருக்கும். குடிமைப்பணித் தேர்வுக்குப் பயில்வோர் அதை மனப்பாடம் செய்கிறார்கள். முதுகலை மாணவர்கள் அதை நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஒட்டிவைக்கிறார்கள். ஏவற்சொல்லைக் கவனித்துப் படி, அதற்கேற்ற ஆழத்தில் எழுது, மதிப்பெண் வரும் என்பதே அந்த அட்டவணை தரும் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி பாதிதான் உண்மை என்பது என் வாதம். ஏவற்சொல் மட்டும் தனியாக நின்று விடையின் ஆழத்தைத் தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பொருளோடு சேர்ந்து நிற்கிறது, அந்தப் பொருளில் எது தெளிவற்றுக் கிடக்கிறது, எந்த அளவுகோல் கேட்கப்படுகிறது என்பவையே ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. மறுபாதி மாணவர் கையில் இல்லவே இல்லை. அது வினா எழுதுபவரிடமும் விடை திருத்துபவரிடமும் இருக்கிறது. அவர்கள் தம் பங்கைச் செய்யாதவரை, ஏவற்சொல்லைச் சரியாகப் படித்த மாணவரே தண்டிக்கப்படுவார்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரைப்’, ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘எவாலுவேட்’ என்னும் மூன்றும் இலக்கணத்தில் வெவ்வேறு வகையில் நடந்துகொள்கின்றன. முதலாவது ஒரு பெயர்ச்சொல்லோடு நிறைவடைகிறது. ஒரு கோட்டையை விவரி என்றால் வேறெதுவும் தேவையில்லை. இரண்டாவது தனக்குள் ஒரு வினாவை விழுங்கிக்கொள்கிறது. கோட்டையை விளக்கு என்றால் வாக்கியம் நிற்கும், பொருள் நிற்காது. கோட்டை அங்கே ஏன் கட்டப்பட்டது என்றோ எப்படி வீழ்ந்தது என்றோ ஒரு கேள்வி உள்ளே இருந்தால்தான் விளக்குவதற்கு ஏதேனும் கிடைக்கும். மூன்றாவது ஓர் அளவுகோலை வேண்டுகிறது. அந்த அளவுகோல் வாக்கியத்தில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

தமிழ்ச் சொற்கள் இதை இன்னும் வெளிப்படையாகவே சொல்கின்றன. ‘விளங்கு’ என்பது தன்வினை, ‘விளக்கு’ என்பது அதன் பிறவினை. ‘அடங்கு’, ‘அடக்கு’ என்பது போன்ற இணைதான் இது. விளக்குவதென்றால் ஒன்றை விளங்கச் செய்வது. அப்படியானால் விளங்காத ஒன்று முன்பே இருந்தாக வேண்டும். ‘மதிப்பிடு’ என்பது மதிப்பை இடுவது. கல்லும் தராசும் இல்லாமல் யாரும் மதிப்பு இடுவதில்லை. ஆக, ‘விவரி’ என்ற சொல்லைக் கண்டால் “எது, எப்படியிருந்தது?” என்று மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம். ‘விளக்குக’ என்றால் “இதில் விளங்காதது எது?” என்று கேட்க வேண்டும். ‘மதிப்பிடுக’ என்றால் “எந்த அளவுகோலால்?” என்று கேட்க வேண்டும். விடையின் முதல் வாக்கியம் எழுதப்படும் முன்பே இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்க வேண்டும்.

இதை ஒரே பொருளில் வைத்துப் பார்க்கலாம். 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பை எடுத்துக்கொள்கிறேன். வரலாறு, அரசியலறிவியல், மொழியியல், குடிமைப்பணி ஆகிய எல்லா மாணவரும் ஏதோ ஒரு தாளில் இதைச் சந்திக்கிறார்கள்.

“1956-இன் மாநில மறுசீரமைப்பை விவரி” என்று வினா வருவதாகக் கொள்வோம். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு நாட்டின் பகுதிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரித்திருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஃபசல் அலி தலைமையில், ஹிருதயநாத் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினராகக் கொண்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1955-இல் அது அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1 அன்று 14 மாநிலங்களும் 6 ஒன்றியப் பகுதிகளும் நடைமுறைக்கு வந்தன. பழைய நால்வகைப் பிரிவு ஒழிந்தது. இவற்றை ஒழுங்காக, விடுபடாமல், முன்பின் மாறாமல் சொல்லிவிட்டால் விவரித்தாயிற்று. நேருவின் தயக்கத்தைப் பற்றிய ஆய்வு இங்கே கேட்கப்படவில்லை. அதை எழுதுபவர் ஆழமாக எழுதுவதாக நினைத்துக்கொண்டு இடத்தை இழக்கிறார்.

“மாநிலங்கள் மொழிவழியில் மறுசீரமைக்கப்பட்டதை விளக்குக” என்று வந்தால் நிலைமை வேறு. இங்கே விளங்காதது என்ன? காங்கிரசு 1920-இலேயே தன் மாகாணக் குழுக்களை மொழிவழியில் அமைத்துக்கொண்ட கட்சி. அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தபின் ஏன் தயங்கியது? தயங்கிய பின் ஏன் இணங்கியது? விளக்கம் தேவைப்படும் முடிச்சு இதுதான். 1948-இன் தார் ஆணையமும், நேரு, பட்டேல், பட்டாபி சீதாராமய்யா மூவரும் அமைந்த குழுவின் 1949 அறிக்கையும் மொழிவழிப் பிரிவினையை அப்போதைக்கு ஏற்கவில்லை. தேசப் பிரிவினை நிகழ்ந்து ஓரிரு ஆண்டே ஆகியிருந்ததால் இன்னொரு பிளவைப் பற்றிய அச்சம் இருந்தது. ஆனால் 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். தெலுங்குப் பகுதிகளில் கொந்தளிப்பு எழுந்தது. சில நாளிலேயே ஆந்திர மாநில அறிவிப்பு வந்தது. ஒரு மொழியினருக்குத் தந்ததை மற்றவர்க்கு மறுக்க இயலாத நிலை ஏற்பட்டதால் நாடு முழுமைக்குமான ஆணையம் தேவையாயிற்று.

மேலேயுள்ள பத்தியில் ‘ஆனால்’, ‘ஆதலால்’ போன்ற இணைப்புகளை நீக்கிவிட்டு வாக்கியங்களை இடம்மாற்றிப் பாருங்கள். பொருள் குலைந்துவிடும். முந்தைய விவரிப்பில், காலவரிசையைத் தவிர, வாக்கியங்களைக் கட்டிவைக்கும் கயிறு எதுவும் இல்லை. நம் விடையை நாமே சோதித்துக்கொள்ள இது எளிய வழி. வாக்கியங்களைக் கலைத்துப் போட்டாலும் விடை அப்படியே நிற்குமானால் நாம் விளக்கவில்லை, விவரித்திருக்கிறோம்.

மூன்றாவதாக, “மொழிவழி மாநில மறுசீரமைப்பை மதிப்பிடுக” என்று வினா வருவதாகக் கொள்வோம். பெரும்பாலான விடைகள் இங்கேதான் சரிகின்றன. நிறைகள் நான்கு, குறைகள் நான்கு, இறுதியில் “எனவே சமநிலையான அணுகுமுறை தேவை” என்றொரு வரி. இதில் மதிப்பு எங்கே இடப்பட்டது? இரண்டு தட்டிலும் எடையை வைத்துவிட்டு, தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்லாமல் கடையை மூடுவது வணிகமாகாது.

மதிப்பிடும் விடை அளவுகோலை முதலில் அறிவிக்க வேண்டும். நாட்டின் ஒருமை குலையவில்லையா என்பது ஓர் அளவுகோல். மக்கள் தம் மொழியில் ஆளப்படும் வாய்ப்பைப் பெற்றனரா என்பது இன்னொன்று. மாநிலத்துக்குள் சிறுபான்மை மொழியினர் என்ன ஆயினர் என்பது மூன்றாவது. முதல் அளவுகோலால் பார்த்தால், 1949-இல் அஞ்சியபடி நாடு சிதறவில்லை. ஆகவே அந்த அச்சம் பொய்த்தது என்று துணியலாம். மூன்றாவது அளவுகோலால் பார்த்தால் தீர்ப்பு மங்குகிறது. 1956-இன் ஏழாம் திருத்தம் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி குறித்த 350-ஏ, மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலர் குறித்த 350-பி ஆகிய உறுப்புகளைச் சேர்த்தது. மறுசீரமைப்பே புதிய சிறுபான்மையினரை உண்டாக்கும் என்று அதைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

எதிர்ச்சான்றையும் எதிர்கொள்ள வேண்டும். தெலங்கானாவை உடனே ஆந்திரத்தோடு இணைக்க வேண்டாம், 1961-ஐ ஒட்டிய பொதுத்தேர்தலுக்குப் பின் அங்குள்ள சட்டமன்றம் மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையில் விரும்பினால் இணைக்கலாம் என்று ஃபசல் அலி ஆணையம் சொன்னது. அரசு 1956-லேயே இணைத்தது. 2014 ஜூன் 2 அன்று ஒரே மொழி பேசும் அந்த மாநிலம் இரண்டாயிற்று. ஆகவே, மொழி ஒரு மாநிலத்துக்குத் தேவையான அடித்தளமாக இருந்தது, ஆனால் போதுமான அடித்தளமாக இருக்கவில்லை என்பது ஒரு தீர்ப்பு. இதை மறுத்தும் எழுதலாம். மறுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லியிருக்கிறோம் என்பதே நாம் மதிப்பிட்டிருக்கிறோம் என்பதற்கு அடையாளம். “சமநிலை தேவை” என்ற வரியை யாராலும் மறுக்க முடியாது. மறுக்க முடியாததனாலேயே அது மதிப்பீடு ஆகாது.

மூன்று விடைகளிலும் எத்தனை தகவல்கள் இருந்தன என்று இப்போது எண்ணிப் பாருங்கள். விவரிப்பில் ஏறத்தாழ பத்து. விளக்கத்தில் ஐந்தாறு. மதிப்பீட்டில் மூன்று நான்கு. ஏவல் கடினமாக ஆக, தகவல் குறைகிறது, ஒவ்வொரு தகவலும் சுமக்கும் வேலை கூடுகிறது. ஆழம் என்பது நீளமன்று. நம் கல்விக்கூடங்களில் இந்த ஒன்றைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை. “இரண்டு மதிப்பெண்ணா, இரண்டு வரி. பத்து மதிப்பெண்ணா, நான்கு பக்கம்” என்பதே நாம் பள்ளியிலிருந்து சுமந்துவரும் இலக்கணம். அந்த இலக்கணத்தில் ஏவற்சொல்லுக்கு இடமே இல்லை. அது வினாவின் முன்னால் ஓர் அலங்காரமாக நிற்கிறது.

குடிமைப்பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் இது கூர்மையாகத் தெரியும். 3 மணி நேரத்தில் 20 வினாக்கள், மொத்தம் 250 மதிப்பெண். பத்து மதிப்பெண் வினாவுக்கு 150 சொல், பதினைந்து மதிப்பெண் வினாவுக்கு 250 சொல். நேரத்தை மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பகிர்ந்தால் முதல் வகைக்கு 7 நிமிடமும் இரண்டாம் வகைக்கு 11 நிமிடமும் வரும். சொல்லெண்ணிக்கை மாறாது. ஏவல் மட்டும் மாறும். அதே 150 சொல்லுக்குள் ‘விவரி’க்கும் ‘மதிப்பிடுக’வுக்கும் எழுத வேண்டுமென்றால், தகவலைக் குறைத்துத்தான் ஆழத்தைக் கூட்ட முடியும். எதை விடுவது என்று தெரிந்தவரே இங்கே தேறுகிறார்.

தமிழில் விடையெழுதுவோருக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. எட்டாம் அட்டவணை மொழிகளில் விடையெழுதலாம். ஆனால் மொழித்தாள்கள் நீங்கலாக வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. ஆகவே தமிழில் எழுதுபவர் வினாவைப் படிக்கும் நொடியிலேயே ஏவற்சொல்லைத் தமக்குள் பெயர்த்துக்கொள்கிறார். நம் தமிழ்வழி வினாத்தாள்களோ பல்லாண்டுகளாக ‘விளக்குக’ என்ற ஒரே சொல்லை ‘டிஸ்கிரைப்’, ‘எக்ஸ்ப்ளெயின்’, ‘எலூசிடேட்’ எல்லாவற்றுக்கும் பயன்படுத்தி அதைத் தேய்த்துவிட்டன. தேய்ந்த நாணயத்தோடு அவர் சந்தைக்குப் போகிறார்.

தமிழில் வேறுபாடு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. உரையின் ஆழத்தைப் பெயரிட்டு வகுத்த மரபு நம்முடையது. நன்னூல் காண்டிகையுரை, விருத்தியுரை என்று இரண்டைப் பிரிக்கிறது. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினா, விடை சேர்ந்து நூற்பாவின் பொருளைத் துலக்குவது காண்டிகை. நூற்பாவின் பொருளுக்கு இன்றியமையாதவற்றை விரித்துக்கூறி, ஐயங்களை எதிர்கொண்டு மெய்ப்பொருளை நிறுவுவது விருத்தி. இந்த வகுப்பைப் பக்கக் கணக்கு தீர்மானிக்கவில்லை. உரைக்குள் எந்தெந்த உறுப்புகள் இருக்க வேண்டும் என்பதே தீர்மானித்தது. நாம் ‘விளக்குக’ என்ற சொல்லுக்கும் இப்படி உறுப்புகளைச் சொல்லியிருக்க வேண்டும். பக்கங்களைச் சொன்னோம்.

இனி வினா எழுதுவோரிடம் வருகிறேன். இன்று பல கல்லூரி வினாத்தாள்களில் ஒவ்வொரு வினாவுக்கும் அருகே கே-1 முதல் கே-6 வரை ஒரு குறி அச்சாகிறது. புளூமின் வகைப்பாட்டிலிருந்து வந்தது இது. நடைமுறையில் குறி இடும் முறை மிக எளியது. வினாவின் தலைச்சொல்லைப் பார்ப்பது, கையிலுள்ள வினைச்சொற் பட்டியலில் தேடுவது, எண்ணை எழுதுவது. ‘மதிப்பிடுக’ என்று தொடங்கினால் கே-5. தாளில் உயர்நிலை வினாக்களின் விழுக்காடு போதவில்லையெனில் ‘விவரி’யை அழித்து ‘மதிப்பிடுக’ என்று மாற்றினால் போயிற்று. வினா மாறவில்லை, விடைக்குறிப்பும் மாறவில்லை, எண் மட்டும் உயர்ந்துவிட்டது.

இப்பட்டியலைப் பயன்படுத்துவோர் அதன் மூலநூலைச் சற்றுப் புரட்டியிருக்கலாம். 2001-இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் பதிப்பித்த திருத்தப் பதிப்பு ஒரு கற்றல் நோக்கத்தை வினை, பெயர் என்ற இரண்டின் சேர்க்கையாகவே பார்க்கிறது. வினை எண்ணச் செயலைச் சொல்லும். பெயர் அறிவின் வகையைச் சொல்லும். அதனால்தான் அங்கே இருப்பது ஒரு கட்டம், ஏணி மட்டுமன்று. ‘விளக்குதல்’ என்பதை அந்நூல் காரணகாரியத் தொடர்பை அமைத்துக்காட்டும் செயலாகக் கொண்டு, ‘புரிந்துகொள்ளல்’ என்னும் இரண்டாம் நிலையில் வைக்கிறது. நாம் பெயரை வெட்டி எறிந்துவிட்டு வினையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இதன் விளைவைச் சொல்கிறேன். பாடநூலில் “மொழிவழி மாநிலங்களின் நிறைகுறைகள்” என்று ஒரு தலைப்பும் அதன்கீழ் எட்டுக் குறிப்புகளும் இருக்கின்றன. வினா “மதிப்பிடுக” என்கிறது. விடைக்குறிப்பில் அதே எட்டுக் குறிப்புகளும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்ணும், முன்னுரை முடிவுரைக்கு இரண்டும் இருக்கின்றன. இது கே-5 அன்று, கே-1. நினைவிலிருந்து எடுத்து வைப்பதைத் தவிர இதில் வேறொரு செயலும் இல்லை. வினாவின் உண்மையான நிலையை அறிய அதன் தலைச்சொல்லைப் பார்த்துப் பயனில்லை. அதன் விடைக்குறிப்பைப் பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு மாணவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் ஏவற்சொல்லைப் படித்தார். இரண்டு அளவுகோலை எடுத்தார், மூன்று சான்றுகளை வைத்தார், எதிர்ச்சான்றைச் சந்தித்தார், துணிந்து ஒரு தீர்ப்பைச் சொன்னார். இன்னொருவர் ஏவற்சொல்லைப் படிக்கவே இல்லை. எட்டுக் குறிப்புகளையும் அடிக்கோடிட்டு எழுதினார். விடைக்குறிப்பின்படி முன்னவருக்கு ஐந்து, பின்னவருக்கு ஒன்பது. முன்னவர் அடுத்த பருவத்தில் தாமும் எட்டுக் குறிப்புகளை எழுதக் கற்றுக்கொள்வார். மதிப்பிடும் திறனை வளர்ப்பதாகத் தாளிலே அச்சிட்டுக்கொண்டே அதைக் களைந்தெறிகிறோம். ஆராய்ச்சிப் படிப்பில் சேரும் மாணவர் பிறருடைய கருத்துகளை அடுக்குவதோடு நின்றுவிடுகிறார் என்று நெறியாளர்கள் குறைப்படும்போது, அந்தப் பழக்கத்துக்கு ஐந்தாண்டுகள் மதிப்பெண் தந்து வளர்த்தவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஓர் எதிர்வாதத்தை நான் அறிவேன். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்குக் குறிப்புவழி மதிப்பெண்தான் பாதுகாப்பு, ஆழம் என்று தொடங்கினால் நல்ல நடை கைவந்தவரே வெல்வார் என்பது அது. இதில் உள்ள கவலை நேர்மையானது. ஆனால் முடிவு தலைகீழானது. எழுதப்படாத விதி எப்போதும் அதை முன்பே அறிந்தவருக்கே உதவும். ‘கிரிட்டிகலி எக்சாமின்’ என்றால் திட்டித் தீர்ப்பதன்று, சான்றுகளைச் சோதித்து ஒரு நிலைப்பாட்டுக்கு வருவது என்பது பயிற்சிக் கூடத்துக்குக் கட்டணம் கட்டியவருக்குத் தெரியும், நகரத்து நல்ல பள்ளியில் படித்தவருக்குத் தெரியும். மற்றவர் அந்தக் கைபேசி அட்டவணையை நம்பிக் காத்திருக்கிறார்.

விதியை எழுதிவைப்பது முடியாத செயலன்று. கேம்பிரிட்ஜ் பன்னாட்டுத் தேர்வுகளும் ஐ.பி. என்னும் பன்னாட்டுப் பள்ளிப் படிப்பும் தம் ஏவற்சொற்களின் பொருளைப் பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுத் தருகின்றன. அதிகக் கட்டணம் செலுத்தும் பள்ளி மாணவருக்குக் கிடைக்கும் அந்த ஒரு பக்கம், நாட்டின் உயர் நிர்வாகப் பணிக்கான தேர்வின் பாடத்திட்டத்தில் இல்லை. நம் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றிலும் இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, ஒவ்வொரு பாடத்திட்டத்தின் இறுதியிலும் அத்துறையில் ஏவற்சொற்கள் என்ன பொருளில் ஆளப்படும் என்பது ஆங்கிலத்திலும் விடையெழுத அனுமதிக்கப்படும் மொழிகளிலும் அச்சிடப்பட வேண்டும். வேதியியலில் ‘விளக்குக’ என்பது வினைவழிமுறையைக் கேட்கலாம், வரலாற்றில் காரணத்தைக் கேட்கலாம். அதனால் துறைதோறும் அது தனியாக எழுதப்பட வேண்டும். இரண்டு, வினாவை எழுதுபவர் விடைக்குறிப்பை முதலில் எழுத வேண்டும். அதில் தகவலுக்கு எத்தனை, தொடர்புக்கு எத்தனை, தீர்ப்புக்கு எத்தனை என்று மதிப்பெண் பிரிக்கப்பட்ட பின்பே தலையில் ஏவற்சொல்லை வைக்க வேண்டும். தீர்ப்புக்கு மதிப்பெண் ஒதுக்காத வினாவில் ‘மதிப்பிடுக’ என்ற சொல்லுக்கு இடமில்லை. மூன்று, ‘மதிப்பிடுக’ என்று கேட்கும்போது அளவுகோலை இயன்றவரை வினாவிலேயே சொல்லிவிட வேண்டும். “மொழிச் சிறுபான்மையினரின் நிலையிலிருந்து மதிப்பிடுக” என்று எழுதக் கூடுதலாகத் தேவைப்படுவது மூன்று சொற்களே.

மாணவ நண்பர்கள் அதுவரை என்ன செய்வது? அட்டவணையை மனப்பாடம் செய்வதை விடுங்கள். கடந்த ஆண்டுத் தாளை எடுத்து, ஒரே பொருளுக்கு மூன்று ஏவற்சொற்களையும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது விடையில் முதல் விடையின் தகவல்கள் பாதிக்குமேல் அப்படியே இருந்தால் ஏவற்சொல் இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று பொருள். எழுதிய மூன்றையும் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய், எந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள், ஏன் என்று கேளுங்கள். அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்கு அவர் விவரிக்காமல் விளக்கட்டும்.